பாக்கெட்டை என்ன செய்வது? மேகி விவகாரமும் ஒரு நெருக்கடிக் கோட்பாடும்

2014 மார்ச் மாதம் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் ஒரு கடையிலிருந்து மேகி நூடுல்ஸ் பாக்கெட்டுகளைச் சோதனைக்கு எடுத்துப் போனார். அதில் ‘எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை’ என்று அச்சிட்டிருந்தார்கள். எம்.எஸ்.ஜி. என்பது நம் ஊரில் அஜினோமோட்டோ என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த சுவையூட்டும் உப்புதான். கோரக்பூர் ஆய்வகம் சோதித்துப் பார்த்துவிட்டு, அது இருக்கிறது என்றது. நெஸ்லே இந்தியா அந்த முடிவை ஏற்கவில்லை. மாதிரி கொல்கத்தாவில் உள்ள மத்திய உணவு ஆய்வகத்துக்குப் போனது.

கொல்கத்தாவிலிருந்து பதில் வரப் பல மாதங்கள் ஆயின. 2015 ஏப்ரலில் வந்த அறிக்கையில் யாரும் எதிர்பாராத ஒரு பெயர் இருந்தது: ஈயம். சட்டம் அனுமதிப்பது பத்து லட்சம் பங்குக்கு 2.5 பங்கு. அறிக்கை சொன்னது 17.2. சுவையூட்டியைப் பற்றித் தொடங்கிய ஒரு சின்ன வழக்கு, நிறுவனம் மேல்சோதனை கேட்டதன் பிறகு, குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நச்சு உலோகத்தைப் பற்றிய வழக்காக மாறிவிட்டது.

அடுத்த சில வாரங்களில் நடந்தது இந்தியாவின் மிகப் பெரிய உணவுப்பொருள் திரும்பப்பெறல்களில் ஒன்று. முப்பதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட நூடுல்ஸ் கடைகளிலிருந்தும் கிடங்குகளிலிருந்தும் வாரி எடுக்கப்பட்டு, சிமென்ட் ஆலைகளின் சூளைகளில் எரிக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்து நீதிமன்றம் சொன்ன ஆய்வகங்கள் சோதித்தபோது ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது.

அப்படியானால் இது அரசு அமைப்புகள் அவசரப்பட்ட கதைதானே என்று கேட்கலாம். ஒரு பாதி அப்படித்தான். ஆனால் மக்கள் தொடர்புத் துறையில் இந்த விவகாரத்தை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்துவது மறுபாதிக்காக. ஆய்வகத்தில் சரியாக இருந்த ஒரு நிறுவனம், பேசிய விதத்தால் எப்படித் தோற்றது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட உதவுகிற ஒரு சட்டகம் அத்துறையில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் திமோத்தி கூம்ஸ் 1990-களின் நடுவிலிருந்து வளர்த்தெடுத்து, 2007-இல் முழு வடிவம் கொடுத்த ‘சூழல்சார் நெருக்கடித் தொடர்புக் கோட்பாடு’ அது. பெயர்தான் நீளம், உள்ளே இருப்பது எளிய யோசனை.

ஏதாவது கெட்டது நடந்தால் மனிதர்கள் உடனே கேட்கிற கேள்வி ‘யாரால்?’ என்பது. உளவியலாளர் பெர்னார்டு வைனர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். கூம்ஸ் அந்தக் கேள்வியை நிறுவனங்களின் பக்கம் திருப்பினார். ஒரு நிறுவனத்துக்கு நெருக்கடி வரும்போது, அதன் நற்பெயருக்கு எவ்வளவு அடி விழும் என்பது நடந்த சேதத்தின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. அந்தச் சேதத்துக்கு மக்கள் எவ்வளவு பொறுப்பை நிறுவனத்தின் தலையில் ஏற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே என்ன பேசுவது என்று முடிவெடுக்கும் முன், மக்கள் மனதில் பழி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணிக்க வேண்டும்.

அந்தக் கணிப்புக்கு அவர் நெருக்கடிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார். முதல் கூட்டத்தில் நிறுவனமே பாதிக்கப்பட்ட தரப்பு: இயற்கைப் பேரிடர், பொய்யான வதந்தி, வெளியாள் யாரோ பொருளில் விஷம் கலப்பது போன்றவை. 1982-இல் சிகாகோ பகுதியில் டைலினால் மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தது இந்த வகைதான். இரண்டாவது, விபத்து வகை. இயந்திரக் கோளாறு, எதிர்பாராத தொழில்நுட்பப் பிசகு, ‘இந்த நிறுவனம் முறையாக நடக்கவில்லை’ என்று வெளியிலிருந்து எழும் குற்றச்சாட்டு எல்லாம் இங்கே வரும். மூன்றாவது, தடுத்திருக்கக்கூடியது. மனிதக் கவனக்குறைவால் கெட்டுப்போன பொருள், தெரிந்தே செய்த ஏமாற்று, சட்டமீறல் இவையெல்லாம் இதில் அடங்கும். முதல் கூட்டத்தில் பழி மிகக் குறைவு. மூன்றாவதில் மிக அதிகம்.

ஒரே பொருள், ஒரே பாதிப்பு, ஆனாலும் காரணம் இயந்திரமா மனிதனா என்பதைப் பொறுத்து மக்களின் தீர்ப்பு மாறுகிறது என்பது இதில் கவனிக்க வேண்டிய இடம். இன்னொன்றும் உண்டு. நிறுவனம் தன் பிரச்சினையை எந்தக் கூட்டத்தில் போடுகிறது என்பது யாருக்கும் பொருட்டல்ல. மக்கள் எதில் போடுகிறார்கள் என்பதே கணக்கு. மேகி விவகாரம் முழுவதும் இந்த ஒரு முரணில்தான் சுழன்றது.

நெஸ்லேயின் கோணத்திலிருந்து முதலில் பார்க்கலாம். உத்தரப் பிரதேச அதிகாரிகள் சுட்டிக்காட்டிய தொகுதி 2014 பிப்ரவரியில் தயாரானது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அதன் காலக்கெடு முடிந்துவிட்டது. 2015 மே மாதம் எந்தக் கடை அலமாரியிலும் அது இருக்க வாய்ப்பில்லை. எம்.எஸ்.ஜி. விஷயத்திலும் அவர்களிடம் ஒரு விளக்கம் இருந்தது. வெங்காயப் பொடி, நிலக்கடலைப் புரதம், கோதுமை மாவு இவற்றிலெல்லாம் குளுட்டமேட் இயல்பாகவே இருக்கிறது. சோதனையில் தெரிவது அதுதான். நாங்கள் தனியாக எதையும் சேர்க்கவில்லை என்றார்கள். தங்கள் சொந்த ஆய்வகங்களில் சுமார் ஆயிரம் தொகுதிகளையும், வெளி ஆய்வகத்தில் சுமார் அறுநூறு தொகுதிகளையும் சோதித்து, ஈயம் வரம்புக்குள் இருப்பதாகவும் சொன்னார்கள்.

இப்படி நினைக்கிற ஒரு நிறுவனத்துக்கு இது முதல் கூட்டத்து நெருக்கடி: ஆதாரமில்லாத வதந்தி. மிஞ்சிப்போனால் இரண்டாம் கூட்டத்தில் வரும் குற்றச்சாட்டு. கூம்ஸின் கோட்பாடே வதந்திக்கு மறுப்பைத்தான் பரிந்துரைக்கிறது. நெஸ்லே மறுத்தது. மே 21-இல் வெளியான அறிக்கையின் சாரம் இவ்வளவுதான்: இப்போது விற்பனையில் உள்ள மேகியைத் திரும்பப் பெறச் சொல்லி எந்த உத்தரவும் இல்லை; மேகி சாப்பிடப் பாதுகாப்பானது.

பாடப்புத்தகப்படி எல்லாம் சரி. பிறகு எங்கே பிசகியது?

சமையலறையிலிருந்து பார்த்தால் தெரியும். அம்மாவின் கையில் மஞ்சள் பாக்கெட். தொலைக்காட்சியில் ‘மேகியில் ஈயம்’ என்று ஓடுகிறது. சொல்வது அரசு ஆய்வகம். பக்கத்து வீட்டுக்காரரோ போட்டி நிறுவனமோ அல்ல. அரசு ஆய்வகம் சொன்ன ஒன்றை வதந்தி என்று வகைப்படுத்த சாதாரண மனிதரால் முடியாது. அதோடு, பாக்கெட்டில் ‘சேர்க்கப்படவில்லை’ என்று எழுதியிருந்த பொருள் இருப்பதாக இன்னொரு அரசு ஆய்வகம் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

இந்த இரண்டாவது விஷயத்துக்குத்தான் அதிகம் கவனம் கொடுக்க வேண்டும். ஈயம் மட்டும் இருந்திருந்தால் மக்கள் அதை விபத்து என்று எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. தண்ணீரிலோ மசாலாவிலோ மண்ணிலோ இருந்து வந்திருக்கலாம். வேண்டுமென்று யாரும் ஈயம் கலக்கமாட்டார்கள். ஆனால் பாக்கெட்டின் மேல் அச்சிட்ட வாசகம் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியது. அது பொய் என்று தோன்றிவிட்டால், ஈயத்தைப் பற்றி நிறுவனம் சொல்வதும் பொய்யாகத்தான் இருக்கும் என்ற சந்தேகம் வந்துவிடும். அந்த வாசகம் இரண்டாம் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டிய பிரச்சினையை மூன்றாம் கூட்டத்துக்குத் தள்ளிவிட்டது. நெஸ்லேயோ இறுதிவரை அதை வேதியியல் பிரச்சினையாகவே நடத்தியது. குளுட்டமேட் இயல்பாக உண்டு என்ற விளக்கம் அறிவியல்படி சரி. ‘அப்படியானால் இல்லை என்று ஏன் போட்டீர்கள்?’ என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பழியைக் கூட்டும் காரணிகள் என்று கூம்ஸ் இரண்டைச் சொல்கிறார். ஒன்று, அந்த நிறுவனம் முன்பு இதுபோல் சிக்கியிருக்கிறதா என்பது. மற்றது, மக்களோடு அதன் முந்தைய உறவு எப்படி என்பது. மேகியின் உறவு நன்றாகவே இருந்தது. 1980-களின் தொடக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைகள் அதைச் சாப்பிட்டு வளர்ந்திருந்தன. உடனடி நூடுல்ஸ் சந்தையில் நான்கில் மூன்று பங்கு அதன் கையில் இருந்தது. கெட்ட பெயர் நெருக்கடியில் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது, நல்ல பெயர் அதே அளவுக்குக் காப்பாற்றுவதில்லை என்பது இத்துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று. மேகி அதற்கு நல்ல சாட்சி. சுவையோடு ஆரோக்கியமும் என்று விளம்பரம் செய்துவந்த பொருள் என்பதால், நம்பிக்கையே இங்கே எதிராகத் திரும்பியது. விளம்பரத்தில் நடித்த அமிதாப் பச்சன், மாதுரி தீட்சித் போன்றவர்கள் மீதும் வழக்குப் பதியச் சொல்லி பீகார் நீதிமன்றம் ஒன்று உத்தரவிடும் அளவுக்குக் கோபம் போனது.

இனி கோட்பாட்டில் பலர் அவசரமாகத் தாண்டிப் போகிற ஒரு பகுதி. நற்பெயரைக் காக்கும் உத்திகளுக்கு எல்லாம் முன்னால், ஒரு கடமை இருக்கிறது என்கிறார் கூம்ஸ். முதலில் மக்கள் தங்கள் உடலைக் காத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும்: எந்தத் தொகுதி எண், எதைத் தூக்கிப் போட வேண்டும், எங்கே திருப்பிக் கொடுக்கலாம், ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் என்ன செய்வது. அடுத்து, அவர்கள் மனக்கலக்கத்தைத் தணிக்க வேண்டும்: நடந்தது என்ன, மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்கிறோம், உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். குற்றம் யாருடையது என்ற விவாதம் இவற்றுக்குப் பிறகுதான். நிறுவனம் நூறு சதவீதம் நிரபராதி என்றாலும் இந்த இரண்டையும் செய்தே ஆக வேண்டும்.

நெஸ்லேயின் மே மாத அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு அவை யாரை நோக்கிப் பேசின என்பது புரியும். ‘உத்தரவு இல்லை’ என்ற வாக்கியம் ஓர் அதிகாரிக்குச் சொல்லும் பதில். சமூக ஊடகத்தில் கேள்வி கேட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்த பதில்கள் போயின. பெரும்பாலும் எம்.எஸ்.ஜி. பற்றிய விளக்கம்தான். ஈயத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் அப்படித்தான். ‘என் குழந்தை நேற்றுச் சாப்பிட்டது, பயப்பட வேண்டுமா?’ என்பதற்கு ஒரு தொலைபேசி எண், ஒரு முகம், ஒரு மனிதக் குரல் அந்த முக்கியமான வாரங்களில் இல்லை. உலகெங்கும் உணவு விற்கிற ஒரு நிறுவனம் இதற்குத் தயாராக இல்லாமல் இருந்தது வியப்புதான்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். உத்தரப் பிரதேச அதிகாரிகளின் நடவடிக்கை ஏப்ரல் கடைசியில் தொடங்கியது. நாடு முழுவதும் செய்தி பெரிதாக வெடித்தது மே மூன்றாம் வாரத்தில். இடையில் இருந்த அந்த இரண்டு, மூன்று வாரங்கள்தான் நிறுவனத்துக்குக் கிடைத்த பொன்னான இடைவெளி. கெட்ட செய்தியை மற்றவர் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிடும் நிறுவனத்துக்குச் சேதம் குறைவு என்பதை நெருக்கடித் தொடர்பு ஆய்வுகள் பல முறை காட்டியிருக்கின்றன. ‘ஒரு பழைய தொகுதியில் அரசு ஆய்வகம் ஈயம் கண்டதாகச் சொல்கிறது, எங்கள் சோதனையில் அப்படித் தெரியவில்லை, மறுசோதனை முடியும்வரை விற்பனையை நிறுத்தி வைக்கிறோம்’ என்று மே முதல் வாரத்தில் நெஸ்லே சொல்லியிருந்தால்? இது குற்றத்தை ஒப்புக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை. ஆனால் பாக்கெட்டை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

அந்த இடைவெளி வீணானது. ஜூன் தொடக்கத்தில் நிகழ்வுகள் நிறுவனத்தின் கையை விட்டுப் போயின. டெல்லி அரசு தான் சோதித்த 13 மாதிரிகளில் 10-இல் ஈயம் வரம்பை மீறியதாகச் சொல்லி 15 நாள் தடை விதித்தது. பெரிய சங்கிலிக் கடைகள் மேகியை அலமாரியிலிருந்து எடுத்தன. ஜூன் 4-இல் தமிழக அரசு மேகியையும் வேறு சில நிறுவனங்களின் நூடுல்ஸையும் மூன்று மாதத்துக்குத் தடை செய்தது. அன்று நள்ளிரவில் நெஸ்லே, நாடு முழுவதும் மேகியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

அந்த அறிவிப்பின் சொற்கள்தான் இந்த வழக்கின் மையம். மேகி பாதுகாப்பானது, ஆதாரமற்ற கவலைகளால் நுகர்வோரிடையே குழப்பமான சூழல் உருவாகிவிட்டது, ஆகவே பாதுகாப்பான பொருளாக இருந்தும் தற்காலிகமாகத் திரும்பப் பெறுகிறோம் என்பதே அதன் சாரம். மறுநாள், ஜூன் 5 அன்று, சுவிட்சர்லாந்திலிருந்து பறந்து வந்த உலகத் தலைமைச் செயல் அதிகாரி பால் புல்க்கே டெல்லியில் செய்தியாளர்களிடம் ஏறக்குறைய இதையே சொன்னார். அதே நாளில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் ஒன்பது வகை மேகி நூடுல்ஸையும் திரும்பப் பெற உத்தரவிட்டது.

கூம்ஸ் சொல்லும் உத்திகள் மூன்று குடும்பங்கள். மறுத்தல் ஒன்று: அப்படி எதுவும் நடக்கவில்லை, அல்லது எங்களுக்குத் தொடர்பில்லை. குறைத்துக் காட்டல் அடுத்தது: நடந்தது உண்மை, ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை, சேதமும் பெரிதில்லை. மூன்றாவது மீட்டெடுத்தல்: மன்னிப்பு, இழப்பீடு. பழி ஏற ஏற, முதலாவதிலிருந்து மூன்றாவதை நோக்கி நகர வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. மறுப்பை மற்ற இரண்டோடு கலக்கக் கூடாது. கலந்தால் இரண்டும் கெடும்.

நெஸ்லே கலந்தது. பொருளைத் திரும்பப் பெறுவது என்பது செயலளவில் மீட்டெடுத்தல். பல நூறு கோடி ரூபாய் செலவாகிற, மனமுவந்து செய்தால் பெரும் மரியாதை கிடைக்கிற செயல். அதன் மேல் ‘எங்கள் பொருளில் குறையே இல்லை’ என்ற மறுப்பை ஒட்டியபோது, கேட்டவர்கள் எதை நம்புவது என்று தெரியாமல் நின்றார்கள். குறை இல்லையென்றால் ஏன் எடுக்கிறீர்கள்? குறை இருக்கிறதென்றால் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? ‘குழப்பம் நுகர்வோரிடம்’ என்ற சொல்லாட்சி இன்னும் மோசம். பயந்தவர்கள் மேலேயே அது பழியை மெல்ல நகர்த்தியது. திரும்பப் பெறுவதற்கான முழுச் செலவையும் நிறுவனம் ஏற்றது, அதன் பலனை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

ஒரு நாள் முன்னதாகவோ ஒரு வாரம் முன்னதாகவோ எடுத்திருந்தால் அது நிறுவனத்தின் முடிவாக இருந்திருக்கும். மாநிலத் தடைகளுக்குப் பின்னும் மத்திய உத்தரவுக்குச் சில மணி நேரம் முன்னும் வந்ததால், அது வேறு வழியில்லாமல் செய்ததாகவே பதிவானது.

நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் இடத்தில் இருந்து பார்த்தால் இந்தத் தயக்கம் புரிகிறது. மன்னிப்பு என்ற சொல் நாளை நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலமாக நிற்கக்கூடும். கூம்ஸும் இதை மறைக்கவில்லை. மீட்டெடுக்கும் உத்திகளுக்கு விலை அதிகம், சட்டப் பொறுப்பும் வரும், ஆகவே தேவைக்கு மேல் போக வேண்டாம் என்கிறார். ஆனால் வருத்தம் தெரிவிப்பது வேறு, குற்றத்தை ஏற்பது வேறு. முதலாவதற்குச் சட்டச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

பொறுப்பை முழுவதும் ஏற்றவர்களும் உண்டு. 2008 ஆகஸ்டில் கனடாவில் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் நிறுவனத்தின் டொரன்டோ ஆலையில் தயாரான இறைச்சித் துண்டுகளில் லிஸ்டீரியா கிருமி புகுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிருமி இறைச்சி வெட்டும் இயந்திரங்களின் உள்ளே தங்கியிருந்தது. நிறுவனத் தலைவர் மைக்கேல் மெக்கெய்ன் தொலைக்காட்சியில் தோன்றி நேரடியாக மன்னிப்புக் கேட்டார். அரசையோ ஆய்வாளர்களையோ குறைசொல்லவில்லை. இந்த விஷயத்தில் வழக்கறிஞர்களின் பேச்சையும் கணக்காளர்களின் பேச்சையும் கேட்கவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். ஆலையின் தயாரிப்புகள் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனம் பிழைத்துக்கொண்டது. உயிர்கள் போன வழக்கு அது. மேகியால் ஒருவர் இறந்ததாகவும் நிரூபணமாகவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சேதத்தின் அளவும் நற்பெயரின் இழப்பும் ஒரே தராசில் நிற்பதில்லை என்பது விளங்கும்.

இந்தியாவில் கதை நீதிமன்றம் போனது. நெஸ்லே பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகியது. ஆகஸ்ட் 13 அன்று நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமலே உத்தரவு போட்டார்கள், சோதித்த ஆய்வகங்கள் உரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்பவை முக்கியக் காரணங்கள். அதே சமயம் உடனே விற்க அனுமதிக்கவும் இல்லை. அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை நடக்க வேண்டும் என்றது. அக்டோபரில் முடிவு வந்தது: 90 மாதிரிகளிலும் ஈயம் வரம்புக்குள். அதற்கு முன்பே சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகள் இந்தியாவிலிருந்து வந்த மேகியைச் சோதித்துப் பாதுகாப்பானது என்று சொல்லியிருந்தன.

இந்த இடைக்காலத்தில் நிறுவனத்தின் பேச்சு மாறியது. ஆகஸ்டில் சுரேஷ் நாராயணன் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றார். நீண்ட காலத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில் அமர்ந்த இந்தியர். பத்திரிகையாளர்களையும் விநியோகஸ்தர்களையும் ஊழியர்களையும் நேரில் சந்தித்துப் பேசினார். மேகி இல்லாமல் தவிக்கும் இளைஞர்களைக் காட்டும் குறும்விளம்பரங்கள் வந்தன. ‘நாங்களும் உங்களை நினைத்து ஏங்குகிறோம்’ என்பது அவற்றின் தொனி. கூம்ஸின் அட்டவணையில் இதற்கு வலுவூட்டல் என்று பெயர்: பழைய நல்லுறவை நினைவூட்டுவது, மக்களைப் பாராட்டுவது. தனியாக நின்றால் பலவீனமான உத்தி என்று அவரே சொல்கிறார். நெருக்கடி உச்சத்தில் இருக்கும்போது செய்தால் எரிச்சலூட்டும். நீதிமன்றத்தின் மறுசோதனை முடிவு பின்னால் நின்றதால்தான் இங்கே எடுபட்டது. நவம்பர் 9-இல் மேகி திரும்பி வந்தது. இணையக் கடை ஒன்றில் 60,000 வரவேற்புப் பெட்டிகள் ஐந்து நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன.

இதையெல்லாம் வைத்துக் கோட்பாடு வென்றது என்று எழுதிவிட்டுப் போகலாம். அது நேர்மையாக இருக்காது. அந்தக் கோட்பாட்டின் பெரும்பகுதி, கல்லூரி மாணவர்களிடம் கற்பனைச் செய்திக் குறிப்புகளைக் கொடுத்து, படித்தபின் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்ட சோதனைகளில் வளர்ந்தது. அங்கே நெருக்கடி எந்தக் கூட்டம் என்பது முதல் வரியிலேயே தெரியும். பாராபங்கியில் அப்படி இல்லை. ஏப்ரலில் ஒரு கூட்டமாகத் தெரிந்தது ஜூனில் வேறாகி, அக்டோபரில் மறுபடி மாறியது. ஒழுங்குமுறை அமைப்பே தவறாகச் சோதித்திருக்கலாம் என்கிற நிலையில், அதை மறுத்துப் பேசுவதா பணிந்து போவதா என்பதற்கும் கோட்பாட்டில் தெளிவான வழி கிடையாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டின் ஒரு மதிப்பாய்வு இன்னொன்றையும் சொன்னது: மக்கள் ஏற்றும் பழிக்கும் நற்பெயருக்கும் உள்ள தொடர்பு வலுவானது, பொருத்தமான உத்தியைத் தேர்ந்தெடுத்துப் பேசுவதால் கிடைக்கும் பலன் அதைவிடச் சிறியது. அதாவது, பழி ஏறிய பிறகு அழகான சொற்களால் இறக்குவது கடினம். பழி ஏறும் வேகத்தைத் தொடக்கத்தில் குறைப்பதுதான் பலன் தரும். மேகி விவகாரத்தில் மே மாதத்து மூன்று வாரங்கள் ஏன் அவ்வளவு விலையுயர்ந்தவை என்பதற்கு இது கூம்ஸின் அட்டவணையைவிடச் சிறந்த விளக்கம்.

விலை எவ்வளவு என்பதும் பதிவாகியிருக்கிறது. 2015 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நெஸ்லே இந்தியா 64.4 கோடி ரூபாய் இழப்பைக் காட்டியது. முந்தைய ஆண்டு அதே காலாண்டில் சுமார் 288 கோடி ரூபாய் லாபம். சந்தையில் நான்கில் மூன்று பங்கு வைத்திருந்த மேகி, திரும்பி வந்தபின் மறுபடி முதலிடம் பிடித்தது. ஆனாலும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதன் பங்கு சுமார் 60 சதவீதத்தில்தான் நின்றது. நியாயமற்ற வணிக நடைமுறை என்று சொல்லி மத்திய அரசு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் கேட்ட 640 கோடி ரூபாய் இழப்பீட்டு வழக்கு 2024 ஏப்ரலில்தான் தள்ளுபடியானது. ஈயம் பற்றிய வாதத்தில் நெஸ்லே கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ‘எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை’ என்ற வாசகத்தை மட்டும் 2015-க்குப் பிறகு பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டது.